நெடுஞ்சாலை எங்கே இருக்கிறது என்று வரைபடம் சொல்லட்டும்: நில விற்பனை முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய நிலங்களை விற்றுத்தரும் முகவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்காக ட்ரோனில் படம் எடுத்துத் தருபவர்களில் நானும் ஒருவன். இந்த மடலில் நான் சொல்லப்போகும் தவறில் பாதி என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு 40 ஏக்கர் நிலம் ஒன்றைப் படமெடுத்தேன். ஏறத்தாழ சதுரமான நிலம், ஒரு பக்கம் 400 மீட்டர். முன்னால் நிலம், அதற்குப் பின்னால் ஒரு மரவரிசை, அதற்கும் பின்னால் பளிச்சென்று நெடுஞ்சாலை. விற்பனைத் தாளில் அந்தப் படத்தின் கீழே "நெடுஞ்சாலையை ஒட்டிய நிலம்" என்று போட்டார்கள். படத்தைப் பார்த்த யாருக்கும் அதில் சந்தேகம் வந்திருக்காது. எனக்கும் வரவில்லை. வாங்க வந்தவர் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு நிலத்தைத் தேடியிருக்கிறார். நிலத்தின் பின் எல்லை அங்கிருந்து நேர்கோட்டில் 1,400 மீட்டர் தள்ளி இருந்தது. நடுவில் ஓர் ஆறு. பாலம் சுற்றி வாசலுக்கு வர 8 கிலோமீட்டர். அவர் வாசல்வரைகூட வரவில்லை, திரும்பிப் போய்விட்டார்.

படத்தில் எந்தப் பூச்சும் செய்யவில்லை, எதையும் அழிக்கவில்லை. பிறகு எப்படி இது நடந்தது? அதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய நிலம் எதற்கும் இது நடக்கும்.

பல நாடுகளில் சிறப்பு அனுமதி இல்லாமல் ட்ரோன் 120 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது. அந்த உயரத்திலிருந்து நேர்க்கீழே பார்த்து எடுத்தால், வழக்கமான அகலக்கோண லென்ஸில் சுமார் 170 மீட்டருக்கு 130 மீட்டர் நிலம்தான் ஒரு படத்துக்குள் அடங்கும். ஐந்தரை ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ஏக்கர் அதில் அடங்காது. பல படங்களை ஒட்டலாம். ஆனால் ஒட்டிய படம் தட்டையாக, ஓர் அளவைப் படம்போல் இருக்கும். விற்பனைத் தாளில் அது எடுபடாது என்று நீங்களே சொல்வீர்கள். ஆகவே எல்லோரும் செய்வதுபோல் நானும் சாய்வாக எடுத்தேன். முன் எல்லையின் இரண்டு மூலைகளும் படத்துக்குள் வரவேண்டும் என்பதற்காக அந்த எல்லையிலிருந்து கிட்டத்தட்ட 280 மீட்டர் பின்னால் போய் நின்றேன்.

தவறு அங்கேதான் பிறந்தது. சாய்வான படத்தில் தொலைவு கூடக் கூட நிலம் நசுங்கிக்கொண்டே போகும். 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு அச்சிட்ட அந்தப் படத்தின்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 400 மீட்டர் ஆழமுள்ள நம் நிலத்துக்கு 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கிடைத்திருந்தது. அதற்குப் பின்னால் உள்ள 1,400 மீட்டருக்கோ 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். மூன்றரை மடங்கு நீளமான இடைவெளி, படத்தில் பாதியாகத் தெரிகிறது. கண் அதை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைத்து எடைபோடுகிறது.

சரி, ஆறு எங்கே போனது? மரவரிசைக்குப் பின்னால் போய்விட்டது. ட்ரோனிலிருந்து 900 மீட்டர் தள்ளி 12 மீட்டர் உயர மரங்கள் நின்றால், அவற்றின் பின்னால் ஏறக்குறைய 100 மீட்டர் நிலம் மறைந்துவிடும். ஒரு நடுத்தர ஆறு அதற்குள் முழுதாக ஒளிந்துகொள்ளும்.

படத்தைக் கைவிடச் சொல்லவில்லை. சரிவு, மரம், அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் ஆகியவற்றை அதுபோல் வேறெதுவும் காட்டாது. ஆனால் அது தொலைவைச் சொல்லத் தெரியாத சாட்சி. அதன் பக்கத்திலேயே கையால் வரைந்த ஓர் எளிய வரைபடம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. கீழ்மூலையில் தபால்தலை அளவில் ஒன்றைச் செருகினால் போதாது. படத்துக்கு இணையாக, அதே பக்கத்தில் வர வேண்டும்.

அந்த 40 ஏக்கருக்கு இப்போது வரைந்திருப்பதைச் சொல்கிறேன். மேலே வடக்குக் குறி. நடுவில் நிலம் ஒரு சதுரம், அதில் வாசல் ஒரு புள்ளி. வாசலிலிருந்து புறப்படும் கிளைச்சாலை, பாலம், ஆறு, நெடுஞ்சாலை. இவ்வளவுதான். ஒவ்வொரு தெருவும் சந்தும் அதில் வேண்டாம். கோடுகள் கூடினால் யாரும் பார்க்க மாட்டார்கள். தொலைவுகளை நேர்கோட்டில் எழுதவில்லை. வாசலில் வண்டியின் மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஓட்டிப் போய், பாலத்தில் ஒருமுறையும் நெடுஞ்சாலையில் ஒருமுறையும் பார்த்து எழுதினேன். 8 கிலோமீட்டரையும் தாளில் அதே அளவில் வரைந்தால் நிலம் கடுகளவாகிவிடும் என்பதால் சாலைக்கோட்டை நடுவில் வெட்டி இரண்டு சிறு குறுக்குக்கோடுகள் போட்டேன். இங்கே தொலைவு சுருக்கப்பட்டிருக்கிறது என்று அவை சொல்லும். "அளவுப்படி வரையப்பட்டதல்ல" என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு நெடுஞ்சாலையை வேலிக்குப் பக்கத்தில் வரையும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. அந்த ஒரு வரி எல்லாவற்றையும் மன்னித்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

இரண்டையும் இணைப்பது எண்கள். படத்தில் வாசலுக்கு 1, மரவரிசைக்கு 2, நெடுஞ்சாலைக்கு 3 என்று போட்டால் வரைபடத்திலும் அதே எண்கள் வர வேண்டும். ட்ரோன் நின்ற இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்து, அது பார்த்த திசையை அகன்ற V வடிவக் கோடாகப் போட வேண்டும். இந்தச் சின்னக் குறிதான் பாதி வேலையைச் செய்கிறது. பார்ப்பவர் தாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்று புரிந்துகொண்டவுடன், 2க்கும் 3க்கும் நடுவில் ஆறு இருப்பதை வரைபடத்திலிருந்து தாமே கண்டுபிடித்துவிடுவார்.

எல்லைக்கோடு பற்றியும் ஒரு வார்த்தை. படத்தின்மேல் சிவப்புக்கோட்டைக் கணினியில் உட்கார்ந்து ஊகத்தில் இழுக்கிறீர்கள். பின் எல்லையில் கோடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நிலத்தில் ஏறக்குறைய இருபது மீட்டர் தவறிவிடும், அடுத்தவர் தோப்பு உங்கள் விற்பனைக்கு வந்துவிடும். படம் எடுக்கும் நாளில் எல்லைக்கல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். தொலைவில் உள்ள கல்லுக்குப் பெரிய துணியாக வேண்டும், இல்லாவிட்டால் தெரியாது. அப்படிச் செய்தாலும் அது எல்லைக்கு ஆதாரம் ஆகாது. ஆதாரம் அளவைப் படம்தான். அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.

மின்கம்பிகள் மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரிவதில்லை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது எடுத்தால் கோபுரங்களின் நிழலாவது விழும். நண்பகலில் அதுவும் இல்லை, மேடுபள்ளமும் தெரியாது. கம்பி செல்லும் பாதையை வரைபடத்தில் போடுங்கள். "அதையெல்லாம் ஏன் காட்ட வேண்டும்?" என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நிலத்தைப் பார்க்க வருபவர் அண்ணாந்து பார்க்க மாட்டாரா, ஐயா?

இனி என்னை அழைக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்பேன். வாசல் எந்தப் பக்கம்? அங்கிருந்து சாலைக்கு வண்டி ஓட்டி அளந்தது யார்? அளக்கவில்லை என்றால் பரவாயில்லை, நானே அளந்துகொள்கிறேன். அன்றைய கூலியில் அரைமணி நேரம் கூடுதலாக வரும்.

இப்படிக்கு,
உங்களுக்காக வானிலிருந்து படம் எடுப்பவன்