ஞாயிறு நாகஸ்வரக் கச்சேரி: இரண்டாவது போன்

மயிலாடுதுறை கச்சேரிக்கு வரும் பதிவுக் குழுவினருக்கு: முதல் போன் மிக்சரிலிருந்து வயர் வழியாக எடுக்கும். வயர் கழன்றால் திரையில் பதிவு நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஒலிதான் இருக்காது. ஆகவே இரண்டாவது போனுக்கு வயர் வேண்டாம், அதன் சொந்த மைக் போதும். அழைப்பு வந்து பதிவு நிற்காதபடி ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். தவில் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். உரத்த அடியில் ஒலி கிழிந்தால் பிறகு முழுசாகச் சரிசெய்ய முடியாது. மேடையிலிருந்து பத்தடி தள்ளி, மடித்த துண்டின் மேல், மைக் ஓட்டை மூடாமல் வையுங்கள். தவில்காரர் சுருதி பார்க்கும்போதே பலமாக வாசிக்கச் சொல்லி, அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். கரகரப்பு இருந்தால் இன்னும் தள்ளுங்கள். அப்புறம், இரண்டும் ஓடத் தொடங்கியதும் மேடை மைக் முன்னால் ஒருவர் கைதட்டட்டும். இரண்டு கோப்புகளையும் பின்னால் பொருத்த அந்தச் சத்தம் உதவும்.