எல்லை ஏன் முதலில் வரவேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் கணிதம் குறித்து எழுதிவரும் பேராசிரியரிடம் இக்கடிதத்தைச் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறேன். என்னைப் போன்ற முதலாண்டு மாணவர்கள் பலருக்கும் இதே ஐயம் இருப்பதால், அவருடைய விடை இதழிலேயே வெளிவந்தால் பயன்படும்.

ஐயா, பதினோராம் வகுப்பிலும் சரி, இப்போது பொறியியல் முதலாண்டிலும் சரி, எல்லை என்ற பாடம் முடிந்த பிறகே வகைக்கெழு வருகிறது. வரலாறு இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. லைப்னிட்ஸ் வகையிடல் விதிகளை 1684ஆம் ஆண்டிலேயே அச்சில் வெளியிட்டுவிட்டார். எல்லையை அடித்தளமாக வைத்து வகைக்கெழுவை கோஷி வரையறுத்தது 1820களில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ 140 ஆண்டுகளில் கோள்களின் இயக்கம் முதல் அதிரும் கம்பி வரை எல்லாவற்றையும் எல்லையின் வரையறை இல்லாமலே கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் எங்களுக்கு மட்டும் அது ஏன் முதலில் தேவைப்படுகிறது?

விழும் கல்லையே எடுத்துக்கொள்கிறேன். t நொடியில் அது விழும் தொலைவு ஏறத்தாழ 5t² மீட்டர். முதல் நொடி முடியும் கணத்தில் அதன் வேகத்தை அறிய, 1 நொடிக்கும் 1 + h நொடிக்கும் இடையே கடந்த தொலைவை h ஆல் வகுக்கிறோம்.

(5(1 + h)² − 5) / h = 10 + 5h

இதில் h = 0 என்று இட்டால் நொடிக்கு 10 மீட்டர் கிடைக்கிறது. வகுக்கும்போது சுழியாக இல்லாத h, வகுத்து முடித்ததும் எப்படிச் சுழியாகிறது என்று 1734இல் பெர்க்லி எழுப்பிய கண்டனம் நியாயமானதே. ஆனால் பல்லுறுப்புக் கோவைகளில் இதைத் தவிர்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. f(x) − f(a) என்பதற்கு (x − a) எப்போதும் ஒரு காரணி; மீதமுள்ள காரணியில் x = a என்று இட்டால் சாய்வு கிடைத்துவிடுகிறது. மேற்கண்ட கணக்கில் அந்த மீதக் காரணி 5(t + 1); t = 1 எனில் அதே 10. சுழியால் எங்கும் வகுக்கவில்லை, எல்லை என்ற சொல்லும் வரவில்லை.

இந்த வழி sin x இல் நின்றுவிடுகிறது. x = 0 இல் சாய்வை அறிய sin h / h வேண்டும்; இங்கே சுருக்குவதற்குப் பொதுக் காரணி ஏதும் கண்ணில் படவில்லை. ரேடியனில் h = 0.1 எனில் 0.99833, h = 0.01 எனில் 0.99998 என்று மதிப்பு 1ஐ நெருங்குவதைக் கணிப்பானில் காணலாம்; ஆனால் 1ஐத்தான் நெருங்குகிறது என்பதற்கு அது நிறுவல் ஆகாது. sin h / h-இல் மேலும் கீழும் வகையிட்டு விடை காணும் லோபிதாள் விதியை இங்கே பயன்படுத்துவதும் பொருந்தாது. sin இன் வகைக்கெழு cos என்று நிறுவுவதற்கே இந்த மதிப்புதானே தேவை. வட்டக்கோணப் பகுதியின் பரப்பை இரண்டு முக்கோணங்களின் பரப்புகளுக்கு இடையே நிறுத்தி, cos h < sin h / h < 1 என்று காட்டும்போதுதான், cos h உம் 1ஐ நெருங்குவதால், நடுவில் இருப்பதற்கு வேறு வழியில்லை என்று ஏற்க முடிகிறது. எல்லை என்பது இங்கே தவிர்க்க முடியாததாகிறது.

என்னை இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைத்தது வேறொரு சார்பு: x சுழியல்லாதபோது f(x) = x² sin(1/x), மேலும் f(0) = 0. விதிகளைக் கொண்டு வகையிட்டால் 2x sin(1/x) − cos(1/x) கிடைக்கிறது. x சுழியை நெருங்கும்போது இதன் இரண்டாம் உறுப்பு +1க்கும் −1க்கும் இடையே ஓயாமல் அலைவதால், x = 0 இல் வகைக்கெழு இல்லை என்று முடிவுகட்டத் தோன்றும். வரையறைக்கே திரும்பினால் f(h) / h = h sin(1/h); இதன் அளவு |h| ஐத் தாண்டாது; எனவே வகைக்கெழு இருக்கிறது, அதன் மதிப்பு 0. x² க்குப் பதில் x என்று மாற்றினால் விகிதம் sin(1/h) ஆகிவிடுகிறது; அது எதையும் நெருங்குவதில்லை, வகைக்கெழுவும் இல்லை. வகைக்கெழு எப்போது இருக்கிறது, எப்போது இல்லை என்று தீர்ப்பளிப்பது எல்லையே, விதிகள் அல்ல என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

தங்களிடம் கேட்க விரும்புபவை இரண்டு. முதலாவது, கல்லின் கணக்கில் 5(t + 1) என்பது t = 1ஐத் தவிர்த்த மற்ற நேரங்களில்தான் சராசரி வேகத்தைத் தருகிறது; t = 1 இல் அது தரும் 10ஐக் கணநேர வேகம் என்று சொல்வதிலேயே, பல்லுறுப்புக் கோவை தொடர்ச்சியானது என்ற கருத்தும் அதன் வழியே எல்லையும் மறைந்திருக்கின்றனவா? அப்படியானால் எல்லையைத் தவிர்த்துவிட்டதாக நான் மேலே எழுதியது வெறும் தோற்றம்தானா? இரண்டாவது, பல்லுறுப்புக் கோவைகளின் சாய்வை முதலில் கற்பித்து, sin h / h இல் மாணவர்கள் தடுக்கி நிற்கும் இடத்தில் எல்லையை அறிமுகப்படுத்தினால், பின்னால் எதையாவது திரும்பக் கற்க வேண்டிவருமா?

இப்படிக்கு,
பொறியியல் முதலாண்டு மாணவி,
கோயம்புத்தூர்.