டெய்லர் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கான ஆரி ஒர்க் பிளவுஸ்கள் நேற்றுதான் கை மாறின. அந்த வாரம் என்ன பாடுபட்டோம் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லத் தேவையில்லை. ராத்திரி வந்து என்னோடு ஆரிச் சட்டத்தில் உட்கார்ந்து மணி கோத்தவர்கள், விளக்குத்தூண் போய் அதே நிற ஜரி கிடைக்கும்வரை கடைகடையாக ஏறி இறங்கிய தம்பி, சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போன பக்கத்து வீட்டு அத்தை, ஐந்து வருஷம் முடியட்டும்மா, அதற்கு முன்னால் வேலையை விட்டால் பணிக்கொடை போய்விடும் என்று முன்கூட்டியே எச்சரித்த எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவு சார், எல்லோருக்கும் மனசார நன்றி.

ஆனால் டெய்லர் அக்காவுக்குத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். நான் சனி ஞாயிறும் ராத்திரியும் ஆரி ஒர்க் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. போன வருஷம் வைகாசியில் ஆர்டர் குவிந்தபோது ஆபீஸ் வேலையை விட்டுவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். விடு, விடாதே என்று எதுவும் சொல்லவில்லை. “ஆர்டர் நோட்டை எடுத்துட்டு வா பாப்பா” என்றார். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மிஷினில் விட்டுவிட்டு, சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிளவுஸுக்கும் பக்கத்தில் டெலிவரி தேதியைத் தமிழ் மாதமாக எழுதச் சொன்னார். ஆர்டர் வந்த தேதியைப் பார்க்காதே, மீதிப் பணம் கைக்கு வருவது டெலிவரியில்தானே என்றார். எழுதி முடித்தால் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் பெயர்கள் நெருக்கியடித்தன, ஆடிக்கும் மார்கழிக்கும் நேரே ஏறக்குறைய காலி.

அப்புறம் ஒரு கல்யாண பிளவுஸை எடுத்துக் கணக்குப் போட்டார். இரண்டு கையும் முதுகுக் கழுத்தும் நிறைய ஒர்க், நான் வாங்கியது 6,500. மணி, ஜரி, குந்தன் கல், லைனிங் எல்லாம் 1,100, தையல் கூலி 700, மீதி 4,700. எத்தனை மணி நேரம் ஆச்சு என்றார். சட்டத்தில் உட்கார்ந்தது 38 மணி நேரம் என்றேன். டிசைன் பேசினது, கடைக்குப் போனது, துணியில் ட்ரேஸ் எடுத்தது, அளவு மாற்றிக் கொடுத்தது எல்லாம் யார் கணக்கு என்று கேட்டார். அதையும் சேர்த்தால் 48. மணிக்கு 98 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. ஆபீஸில் கைக்கு வந்த 24,000-ஐ மாதம் 208 மணி நேரத்தால் வகுத்தால் 115, அதிலும் கம்பெனி போடும் பி.எஃப். பங்கு சேரவில்லை. முழு நேரமும் உட்கார்ந்தாலும் ஒரு கையால் மாதம் நாலு பிளவுஸ்தான், 18,800. ஆர்டர் எவ்வளவு வந்தாலும் கை ஒன்றுதான் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அதே வேலைக்கு 8,000 கேட்டுப் பார், யார் திரும்பிப் போகிறார்கள் என்று எழுதி வை என்றார். சிலர் போனார்கள், நல்ல ஒர்க் வேண்டுமென்பவர்கள் இருந்தார்கள். அந்த விலையில் நாலு பிளவுஸ் என்றால் 24,800, அதாவது முகூர்த்த மாதத்தில்தான் சம்பளத்தையே தொடுகிறது. காலி மாதத்துக்கு என்ன செய்வாய் என்பதுதான் அக்காவின் அடுத்த கேள்வி. ஒரு மார்கழியும் ஒரு ஆடியும் சம்பளத்தைத் தொடாமல் வீட்டை ஓட்டிக் காட்டு, அப்புறம் லெட்டர் கொடு, தையில் கை நிறைய ஆர்டர் இருக்கும்போது மட்டும் முடிவெடுக்காதே என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மார்கழியில் ஞாயிறு வகுப்பு ஆரம்பித்தேன், ரெடிமேட் கழுத்து பேட்ச் போட்டு வைத்து விற்றேன். வாடகையும் மளிகையும் வந்தது, அவ்வளவுதான். இந்த ஆடியில் ஆவணிக் கல்யாண ஆர்டர்களுக்குப் பாதி அட்வான்ஸ் வாங்கினேன், ஆனால் அந்தப் பணத்தைச் சரக்குக்கு மட்டும் என்று தனியே வைத்துவிட்டு, வகுப்பிலும் பேட்சிலும் வந்ததை வைத்தே மாதம் ஓடியது. அந்த மாத ஆபீஸ் சம்பளத்தை அப்படியே பேங்கில் விட்டேன். அதன் பிறகுதான் லெட்டர் கொடுத்தேன்.

அக்கா, அன்று மாலை உங்கள் கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களை நாளைக்கு வரச்சொன்னீர்கள், நான் கவனித்தேன். நான் விலை ஏற்றிய பிறகும் நீங்கள் எனக்குத் தையல் கூலி ஏற்றவே இல்லை. வருகிற தை முதல் பிளவுஸுக்கு 900 என்று எழுதிவிட்டேன், மறுப்புச் சொல்லக் கூடாது.