கல்யாண வீடியோ டிவியில் திக்கித் திக்கி ஓடுகிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடையில் வாங்கிப் போன பென் டிரைவை டிவியில் செருகினால் படம் திக்குகிறது என்று சொல்லிச் சிலர் வருகிறீர்கள். கடைக் கணினியில் போட்டுக் காட்டினால் அதே வீடியோ தடையின்றி ஓடுகிறது. பென் டிரைவும் பழுதில்லை, ஃபைலும் பழுதில்லை. காரணம் என்னவென்று விளக்கவே இந்த மடல்.

கணினியில், சுருக்கி வைத்த வீடியோவை மென்பொருளே பிரித்துக் காட்டிவிட முடியும்; பிராசசருக்கு வலு இருந்தால் போதும். டிவியில் அப்படி இல்லை. அந்த வேலைக்கென்றே ஒரு சில்லு இருக்கிறது. எந்த வகை வீடியோவை, எவ்வளவு வேகம் வரை பிரிக்கலாம் என்பது அது செய்யப்பட்டபோதே முடிவாகிவிட்டது. வகைக்குப் பெயர் புரொஃபைல், வேக எல்லைக்குப் பெயர் லெவல். நாங்கள் ஹெச்.264 என்ற முறையில் சுருக்கித் தரும் வீடியோக்களைப் பொறுத்தவரை, பழைய முழு ஹெச்டி டிவிகள் பலவற்றின் எல்லை ஹை புரொஃபைல், லெவல் 4.1.

தண்டையார்பேட்டை வாடிக்கையாளர் ஒருவரின் கல்யாண வீடியோவை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை அழைப்பில் மேளமும் ஆட்டமும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று அவர் கேட்டதால் விநாடிக்கு 50 ஃபிரேம் வைத்துக் கொடுத்தோம். ஹெச்.264 ஒவ்வொரு ஃபிரேமையும் 16-க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. 1920-க்கு 1080 அளவுள்ள படத்தில் குறுக்கே 120, நெடுக்கே 68, ஆக 8,160 கட்டங்கள். 50 ஃபிரேமுக்கு விநாடிக்கு 4,08,000 கட்டங்கள். லெவல் 4.1 அனுமதிப்பதோ 2,45,760 மட்டுமே. இந்த வீடியோவுக்கு லெவல் 4.2 வேண்டும். அவர் வீட்டு டிவியின் சில்லு தன்னால் முடிந்தவரை காட்டிவிட்டு மீதி ஃபிரேம்களை விட்டுவிட்டது. பாட்டு சரியாக ஓட, படம் மட்டும் தாவித் தாவிப் போனது.

இந்த அடையாளம் முக்கியமானது. பென் டிரைவ் மெதுவாக இருந்தால் பாட்டும் படமும் சேர்ந்தே நின்று நின்று ஓடும். லெவல் மீறினால் பெரும்பாலும் படம் மட்டுமே அவதிப்படும். புரொஃபைல் பொருந்தாவிட்டால் திக்குவதற்கே இடமில்லை: கறுப்புத் திரையில் ஒலி மட்டும் வரும், அல்லது இந்த ஃபைலை இயக்க முடியாது என்று டிவி சொல்லிவிடும். எடிட்டிங்குக்காக எடுத்த மூலக் காட்சிகளைக் கேட்டு வாங்கிச் செல்பவர்களுக்கு இதுதான் நேர்கிறது. அவை 10 பிட் நிறத்தில் பதிவானவை; ஹை புரொஃபைல் 8 பிட்டோடு நின்றுவிடும். அடுத்து வந்த ஹெச்.265 முறையில் 10 பிட்டை நன்றாகக் காட்டும் புது டிவிகூட, ஹெச்.264-இல் 10 பிட் வந்தால் பெரும்பாலும் மறுத்துவிடும்.

உங்கள் ஃபைல் எந்த வகை என்று பார்க்க MediaInfo என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். `Format profile` என்ற வரியில் `High@L4.1` என்றோ அதற்குக் கீழான லெவலோ இருந்தால் பெரும்பாலான டிவிகளில் ஓடும். `High@L4.2` என்றால் திக்கலாம். `High 10` அல்லது `High 4:2:2` என்றால் டிவியில் ஓடும் என்று நம்ப வேண்டாம்.

ஃபைலின் பெயரில் mp4-ஐ mkv என்று மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. லெவல் எண்ணை மட்டும் மாற்றி எழுதினாலும் கட்டங்களின் எண்ணிக்கை குறையப் போவதில்லை. வீடியோவையே மறுபடி என்கோட் செய்ய வேண்டும். கணினிப் பழக்கம் உள்ளவர்கள் ffmpeg என்ற மென்பொருளுக்கு இந்தக் கட்டளையைக் கொடுத்து வீட்டிலேயே செய்யலாம்:

```
ffmpeg -i kalyanam.mp4 -vf fps=25 -c:v libx264 -profile:v high -level 4.1 -pix_fmt yuv420p -crf 20 -maxrate 20M -bufsize 20M -c:a copy tv.mp4
```

இதில் 25 என்பதை 30 ஆக்கிவிடாதீர்கள். 50-இலிருந்து 25 என்றால் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேம் சீராகக் கழியும். 30 என்றால் கழிவது சீராக இராது. கேமரா நகரும் இடங்களில் உதறல் தெரியும். 25 ஃபிரேமில் விநாடிக்கு 2,04,000 கட்டங்கள்தான், எல்லைக்குள் நிற்கும். ஆட்டக் காட்சிகளில் அந்த 50 ஃபிரேம் வழுக்கல் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் கட்டளையில் fps=25 என்பதற்குப் பதில் scale=1280:720 என்று போட்டு அளவை 1280-க்கு 720 ஆக்கிக்கொள்ளலாம். 50 ஃபிரேமிலும் 1,80,000-தான் வரும். சாமி ஊர்வலம், நடனம் போன்றவற்றுக்கு நான் இதையே விரும்புவேன். தாலி கட்டும் காட்சிக்கும் குடும்பப் படங்களுக்கும் முழு அளவும் 25 ஃபிரேமும் அழகு.

இனி ஆர்டர் கொடுக்கும்போது உங்கள் டிவியின் பின்பக்க மாடல் எண்ணைப் படம் பிடித்து வாருங்கள். 50 ஃபிரேம் கேட்பவர்களுக்கு அதே பென் டிரைவில் டிவிக்கான ஃபைலையும் தனியாகப் போட்டுத் தருகிறோம். ஏற்கெனவே வாங்கியவர்கள் பென் டிரைவைக் கொண்டுவந்தால் கட்டணமின்றி மாற்றித் தருவோம். முதலில் தந்த 50 ஃபிரேம் ஃபைலை அழித்துவிடாதீர்கள். நாளை டிவி மாற்றினால் அதுவே நன்றாக ஓடும்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை