கதவணையில் விலாங்குக்கும் ஒரு வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொள்ளிடத்தின் கடைமடையில் கதவணைகள் கட்டுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உப்புநீர் ஏறாமல் தடுக்க அவை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடலுக்கும் ஆற்றுக்குமாகப் போய்வரும் மீன்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

விலாங்கை ஆற்றுமீன் என்றுதான் நினைக்கிறோம். அது பிறப்பது ஆழ்கடலில். இலை வடிவக் குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து வந்து, முகத்துவாரத்தை நெருங்கும்போது விரல் நீளத்தில், கண்கள் மட்டும் கறுப்பாகத் தெரிய, உடல் முழுக்க நிறமில்லாமல் இருக்கும். பிறகு ஆற்றில் ஏறிப் பல ஆண்டுகள் வளரும். கடைசியில் வெள்ளக் காலத்து இருட்டில் கடலுக்கு இறங்கி, ஒரே ஒருமுறை முட்டையிட்டு இறந்துவிடும்.

ஏறும்போதுதான் கதவணை குறுக்கே நிற்கிறது. கதவின் இரு பக்கமும் நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீட்டர் இருந்தாலே, அடியில் பீறிடும் தண்ணீரின் வேகம் நொடிக்கு 4 மீட்டரைத் தாண்டும். விரல் நீளக் குஞ்சு அரை மீட்டர் வேகத்தையே எதிர்த்து நீந்தத் திணறும். ஆனால் அதற்கு வேறொரு திறமை உண்டு: பாசி படிந்த ஈரச் சுவரில் உடம்பை ஒட்டிக்கொண்டு ஊர்ந்தே ஏறிவிடும். சுவர் காய்ந்திருந்தாலோ, மேல்விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தாலோ அதுவும் முடியாது.

ஐரோப்பாவில் இதற்கு அதிகச் செலவில்லாத ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கரையோரமாகச் சாய்வான ஒரு தொட்டிப்பாதை, அதன் அடியில் வரிசையாகத் தூரிகை முடிகள், மேலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். குஞ்சுகள் முடிகளுக்கிடையே நெளிந்து ஏறிவிடும். பாதையின் கீழ்முனை சரியான இடத்தில் இருக்க வேண்டும்; நீர் சுழன்றடிக்கும் நடுப்பகுதியில் வைத்தால் குஞ்சுகளுக்கு அது தட்டுப்படவே படாது. வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் எளிது. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால், சுவரின் அடியில் குஞ்சுகள் மொய்த்துக் கிடக்க, பாதையின் மேல்முனையில் குஞ்சுகளைப் பிடிக்க வைத்த கூண்டு காலியாக இருந்தால் பாதை பயன்படவில்லை என்று அர்த்தம்.

உல்லம் மீனுக்கு இது உதவாது. அது கடலில் வாழ்ந்து முட்டையிட ஆற்றுக்கு வருவது. சுவர் ஏறவும் தெரியாது, சால்மன் மீன்போலத் துள்ளித் தாண்டவும் வராது. மெதுவாக ஓடும் அகலமான பக்கவாய்க்கால்தான் அதற்கு வேண்டும். 1836-ல் அணைக்கரையில் கீழணை வந்தது, 1934-ல் மேட்டூர் அணை வந்து வெள்ளமும் குறைந்தது. காவிரியில் உல்லம் ஏறி வருவது அதன்பின் ஏறக்குறைய நின்றே போனது.

பழைய அணைகளில் இதையெல்லாம் சேர்ப்பது சிரமம். புதிதாகக் கட்டும்போது வரைபடத்திலேயே சேர்த்துவிடலாம். நீர்வளத் துறை, மீன்வளத் துறைப் பொறியாளர்களிடம் உங்கள் நிருபர் இதைக் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்டுமன்னார்கோயில்