ரசீதைத் தவறாகப் படிக்கும் உங்கள் செயலி குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா / அம்மையீர்,

ஆண்டுச் சந்தா கட்டி உங்கள் வீட்டுக் கணக்குச் செயலியைப் பயன்படுத்துகிறேன். மளிகை ரசீதைப் படம் எடுத்தால் தொகை, தேதி, கடைப் பெயர் மூன்றையும் அதுவே பதிந்துகொள்ளும் என்று நம்பித்தான் சேர்ந்தேன். மூன்றிலும் பிழை வருகிறது.

05/11/2025 அன்று மாதச் சாமான் வாங்கினேன். பொருள்களின் கூட்டு 1,846.70, முழு ரூபாயாக்கியதில் 1,847. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன், மீதி 153 வந்தது. ரசீதின் அடியில் இவை எல்லாமே அச்சாகியிருக்கின்றன. உங்கள் செயலியோ நான் கொடுத்த 2,000 ரூபாயையே செலவாக எழுதிவிட்டது. இருப்பதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறது போலும். பொருள்களின் விலையை ஒருமுறை கூட்டிப் பார்த்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. கடையில் அண்ணாச்சி கூட்டிச் சரிபார்க்காமல் சீட்டைக் கையில் தரமாட்டார்.

தேதிப் பிழை இதைவிட மோசமானது. அதே ரசீது மே 11 என்று பதிவாகியிருக்கிறது. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் உங்கள் செயலி படிக்கிறது. பழைய ரசீதுகளை எடுத்து ஒப்பிட்டேன். 12ஆம் தேதிக்குப் பிந்தையவை எல்லாம் சரியாக இருக்கின்றன. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அங்கே குழப்பம் வரவில்லை. 12 வரையிலான தேதிகளில்தான் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன. சம்பளம் வந்ததும் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பெரிய செலவு செய்வது அந்த முதல் வாரத்தில்தான். ஆக, பெரிய ரசீதுகளே வேறு மாதங்களுக்குப் போய்விடுகின்றன. நவம்பரில் சிக்கனமாக இருந்துவிட்டதாக எண்ணி, தீபாவளிக் கடனை அடைக்க வைத்திருந்த பணத்தில் கை வைத்துவிட்டேன்.

கடைப் பெயர் தமிழில் அலங்கார எழுத்தில் இருந்தால் அதைத் தாண்டிப் போய், அடுத்த வரியிலுள்ள 'டேக்ஸ் இன்வாய்ஸ்' என்பதைப் பெயராக்கிவிடுகிறது. என் கணக்கில் மூன்று கடைகள் அந்த ஒரே பெயரில் இருக்கின்றன. அந்த மூன்று ரசீதுகளிலும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் தெளிவாக இருக்கிறது. நான் ஒருமுறை திருத்திய பெயரை அந்த எண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை கடை தானே விளங்கிவிடும்.

வெப்பத்தாளில் எழுத்து மங்கும் என்பதை அறிவேன். அதற்காகவே வாங்கிய அன்று மாலையே நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கிறேன். மங்கிய எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் உங்களைக் குறை சொல்லமாட்டேன். சந்தேகமான எண்ணை என்னிடம் கேட்காமல் சரியானதுபோல் பதிந்துவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்தியப் பயனர்களுக்கு நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை உடனே நிலையாக்குங்கள். கூட்டுத்தொகை பொருந்தாத ரசீதுகளைத் தனியே குறித்துக் காட்டுங்கள். ஏற்கெனவே தவறிய என் பதிவுகளைச் சேமித்த படங்களிலிருந்து மறுபடி படித்துத் திருத்துங்கள். பதினைந்து நாளில் இது நடக்காவிட்டால் மீதமுள்ள மாதங்களின் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். நவம்பர் ரசீதின் படத்தையும் உங்கள் செயலியின் பதிவையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆண்டுச் சந்தாதாரர்