விசாலத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள விசாலம்,

நலம். உன் முழங்கால் எப்படி? தைலத்தைத் தடவிவிட்டு உடனே மாடிப்படி ஏறுகிறாயாமே, உன் மகளிடம் சொல்லிவிடுவேன்!

இரண்டு நாளாக என் அழைப்பை நீ எடுக்கவில்லை. நேற்று உன் மகளைப் பிடித்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கோமதிக்கு வர விருப்பமில்லை, வாய்விட்டுச் சொல்லவும் மனமில்லை என்று முடிவுகட்டிவிட்டாயாம். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் தனியாகவே நின்றாயாம். இதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் 10-ம் தேதி போவதாக இருந்தது. உன் முழங்கால் வலியால் அந்த டிக்கெட்டை ரத்துசெய்து, பொங்கல் நெரிசலிலும் புதிதாக இரண்டு படுக்கை வாங்கிவிட்டாய், கெட்டிக்காரி. உடனே எனக்கு அனுப்பிய செய்தி இதோ, அப்படியே எழுதுகிறேன்: “மாற்றியாச்சு. சனி 17, இரவு 12.40, திருச்சி ஸ்டேஷன். எஸ்-4, 23, 24.”

நீ டிக்கெட்டைப் பார்த்து எழுதினாய். வெள்ளி 16 மாலை எழும்பூரில் நீ ஏறும் வண்டி, நள்ளிரவைத் தாண்டித்தான் திருச்சிக்கு வரும். தாண்டியதும் தேதி 17 ஆகிவிடுகிறது. டிக்கெட் கணக்கில் அது சரிதான். ஆனால் சனி இரவு என்றால் நம் வீடுகளில் என்ன பொருள்? பொழுது விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை ஒரே கிழமை. சிவராத்திரியின் நான்காம் சாமப் பூஜை விடியற்காலையில் நடக்கிறது, அதை யாராவது மறுநாள் பூஜை என்கிறோமா? சனிக்கிழமை முழுக்க வீட்டில் இருந்துவிட்டு, அன்றிரவு கிளம்ப வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். உன் அம்மா இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை மாட்டுப் பொங்கல், வீடு நிறைய ஆட்கள். பத்து மணிக்கே களைத்துப் படுத்தேன், கைபேசி கூடத்தில் கிடந்தது. நீ வண்டியின் வாசலில் நின்று என்னை அழைத்துக்கொண்டிருந்தபோது நான் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தேன். காலையில் உன் தவறிய அழைப்புகளைப் பார்த்து, இன்றைக்குக் கிளம்பும் உற்சாகத்தில் தூக்கம் வராமல் அழைத்திருக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேனடி. திரும்ப அழைத்தேன், அணைத்து வைத்திருந்தாய். சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குச் சந்தேகமே வராததற்கு இன்னொரு காரணம் அந்த வண்டி தினமும் ஓடுவது. பேரன் சனிக்கிழமை மாலை கைபேசியில் வண்டியின் நிலவரம் பார்த்தான். அங்கே வண்டி புறப்பட்ட தேதியைக் கேட்கும். அவன் 17 என்றே கொடுத்தான். எழும்பூரில் நேரத்துக்குக் கிளம்பிவிட்டதாக வந்தது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பதினொன்றரைக்கே பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்தேன். எள்ளுருண்டை, உனக்குப் பிடித்த புளியோதரை, ஒரு போர்வை.

வண்டி வந்தது. எஸ்-4 ஏறினேன். உன் படுக்கையில் யாரோ ஒரு பெரியவர், என் படுக்கையில் ஒரு பையன். எழுப்பிச் சண்டையே போட்டேன். டிக்கெட் பரிசோதகர் உன் செய்தியை வாங்கிப் படித்துவிட்டு, “அம்மா, இன்று 18 பிறந்து முக்கால் மணி நேரமாகிறது. உங்கள் வண்டி நேற்றே போய்விட்டது” என்றார். அப்போதுதான் காலையில் பார்த்த அழைப்புகளின் நேரம் நினைவுக்கு வந்தது. 12.35, 12.41, 12.44. அந்த மனிதர் பையைப் பிடித்து இறக்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போகாமல், வண்டியின் பின்விளக்கு மறைந்த பிறகும் வெகுநேரம் அந்த பெஞ்சிலேயே இருந்தேன்.

விசாலம், வர விரும்பாதவள் எள் வறுத்து, வெல்லம் பாகு காய்ச்சி, உனக்காக மிளகாயைக் குறைத்துப் புளிக்காய்ச்சல் கிண்டுவாளா? நம் தோழி சரோஜா போன பிறகு எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய். கோபமென்றால் திட்டு, கைபேசியை மட்டும் அணைக்காதே.

மறுபடி போவோம். தனுஷ்கோடியை நீ பார்க்கவில்லை என்று உன் மகள் சொன்னாள், அதை எனக்காக வைத்திருந்ததாக எடுத்துக்கொள்கிறேன். மாசிச் சிவராத்திரி முடிந்ததும் கூட்டம் தணிந்திருக்கும். டிக்கெட் எடுத்ததும் செய்தி எழுதாதே, டிக்கெட்டையே படமாக அனுப்பு. கூடவே உன் அம்மா இருந்தால் சொல்வதுபோல “வெள்ளி இரவு, விடிந்தால் சனி” என்று ஒரு வரி போடு. கீழ்ப்படுக்கை உனக்கு, முழங்காலுக்காக.

பதில் வேண்டாம், அழை. பேரனிடம் சொல்லி மணியோசையைக் கூட்டிவைத்திருக்கிறேன்.

உன்,
கோமதி